தோலோடு சுட்ட கோழித் தொடை: கரியில் சொட்டுவது எவ்வளவு, தட்டில் மிஞ்சுவது எவ்வளவு?

ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் பார்பிகியூ மேடை எடுத்துக் கோழி சுட்டால் இந்தப் பேச்சு வராமல் இருக்காது. தோலோடு இருக்கும் தொடைத் துண்டுகள் கம்பி வலைமேல் கிடக்கும். கொழுப்பு சொட்டுச் சொட்டாகக் கரியில் விழும், குப்பென்று தீ எழும்பும். வலைக்குப் பக்கத்தில் இடுக்கியோடு நிற்கிற மாமா சொல்வார்: "பாத்தீங்களா, கொழுப்பெல்லாம் கீழ போயிருச்சு. இனிமே தோலோட சாப்பிட்டாலும் ஒண்ணும் பண்ணாது." அத்தை விடமாட்டார்: "போறது ரெண்டு சொட்டுதாங்க. தோலை உரிச்சு வச்சிட்டுச் சாப்பிடுங்க, போன மாசந்தான் டாக்டர் கொலஸ்ட்ரால் கூடுதல்னு சொன்னாரு."

இதில் மாமா சொல்வதும் சரியில்லை, அத்தை சொல்லும் இரண்டு சொட்டும் சரியில்லை. உருகி வடிகிற கொழுப்பு கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு நிறையவே. ஆனால் வடியாமல் துண்டிலேயே தங்குவது அதைவிட அதிகம். எவ்வளவு அதிகம் என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். கணக்கு கடினமில்லை. ஆனால் எல்லாரும் வழுக்கி விழுகிற ஓர் இடம் அதில் இருக்கிறது, அதைத் தாண்டிவிட்டால் போதும்.

100 கிராம் என்ற பொறி

கோழிக்கறியின் சத்துக் கணக்குக்கு உலகம் முழுக்க அதிகம் பயன்படுவது அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணை. நம் கைப்பேசியில் இருக்கும் கலோரி எண்ணும் செயலிகள் பலவும் அங்கிருந்துதான் எண்களை எடுக்கின்றன. அதில் தோலோடு இருக்கும் பச்சைத் தொடைக்கறி 100 கிராமுக்கு 16.6 கிராம் கொழுப்பு. அதே தொடையை அவனில் சுட்ட பிறகு 100 கிராமுக்கு 14.7 கிராம். இதை மட்டும் பார்த்தால் இரண்டு கிராம்தான் குறைந்திருக்கிறது, அத்தை ஜெயித்துவிட்டார் என்று தோன்றும்.

அடுத்த வரிக்குப் போனால் இன்னும் குழப்பம். தோல் இல்லாத பச்சைத் தொடை, 100 கிராமுக்கு 4.1 கிராம் கொழுப்பு. சுட்டது 8.2 கிராம். சுட்டதும் கொழுப்பு இரண்டு மடங்கு ஆகிவிட்டதா? அப்படியானால் தோல் உரித்ததைச் சுடுவதுதான் ஆபத்து என்று ஒருவர் வாதாடலாம். வாட்ஸ்அப் குழுக்களில் வாதாடவும் செய்கிறார்கள்.

பொறி எங்கே என்றால், பச்சையாக இருக்கும் 100 கிராமும் சுட்ட பிறகு இருக்கும் 100 கிராமும் ஒரே அளவு கறி இல்லை. சுடும்போது கோழியிலிருந்து முதலில் போவது தண்ணீர். பச்சைத் தொடையின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர்தான். அதில் ஒரு பகுதி ஆவியாகிறது, ஒரு பகுதி சாறாக வடிகிறது. ஆக, சுட்ட கறி 100 கிராம் வேண்டுமென்றால் பச்சையாக 140 கிராம் போட்டிருக்க வேண்டும். கறி சுருங்கியதால் மிச்சமிருக்கும் கொழுப்பு நெருக்கமாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

சரி, அப்படியானால் எதை வைத்து ஒப்பிடுவது? புரதத்தை வைத்து. சுடும்போது தண்ணீர் போகும், கொழுப்பு போகும். புரதம் கிட்டத்தட்ட அப்படியே துண்டுக்குள் நிற்கும். வடிகிற சாற்றோடு கொஞ்சம் போவது உண்டு, நம் கணக்கைக் கவிழ்க்கும் அளவுக்கு அது பெரிதில்லை. எனவே சுடுவதற்கு முன்னும் பின்னும் புரதம் எவ்வளவு என்று பார்த்தால், எத்தனை கிராம் பச்சைக்கறி எத்தனை கிராம் சுட்ட கறியானது என்பது தெரிந்துவிடும்.

ஒரு துண்டை எடுத்துக்கொள்வோம். எலும்பு நீக்கி, தோலோடு 200 கிராம். காப்பிக்கடையின் மேற்கத்திய உணவுக் கடையில் சிக்கன் சாப்புக்குப் போடுவது இந்த வகைத் துண்டுதான், அளவு கடைக்குக் கடை மாறும். அட்டவணைப்படி இந்தத் துண்டில் புரதம் 33 கிராம், கொழுப்பும் 33 கிராம். (இரண்டும் சமமாக வந்தது தற்செயல்.) சுட்ட கறியில் 100 கிராமுக்கு 23.3 கிராம் புரதம் இருக்கிறது. ஆகவே 33 கிராம் புரதம் இருக்க வேண்டுமென்றால் சுட்ட துண்டு 142 கிராம் இருக்கும். அந்த 142 கிராமில் கொழுப்பு 21 கிராம்.

33 கிராமில் 21 மிச்சம். அப்படியென்றால் வடிந்தது 12 கிராம். மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். மாமா பார்த்த சொட்டுகள் பொய்யில்லை, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய்க்குக் கொஞ்சம் குறைவான அளவு ஒரே துண்டிலிருந்து கீழே போயிருக்கிறது. கலோரியாகச் சொன்னால் நூறுக்குச் சற்று மேல்.

துண்டு இழந்த எடை மொத்தம் 58 கிராம். அதில் கொழுப்பு 12 கிராம்தான், மற்றதெல்லாம் தண்ணீர். "அரைக்கிலோ போட்டேன், முந்நூற்றம்பதுதான் வந்தது, அவ்வளவு கொழுப்பும் போயிருச்சு" என்று சொல்பவர்கள் போனதில் முக்கால் பங்குக்கும் மேல் தண்ணீர் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

இந்த எண்கள் அவனில் சுட்டதற்கானவை. கரி அடுப்பில் நேரமும் சூடும் ஆளுக்கு ஆள் மாறும். வடியும் அளவும் அதற்கேற்பக் கூடும், குறையும். ஆனாலும் வழக்கமாகச் சுடுகிற விதத்தில் கொழுப்பு முழுவதும் போய்விடாது. ஏன் போகாது என்பதற்குக் காரணம் தோலுக்குள்ளேயே இருக்கிறது.

கொழுப்பு எங்கே உட்கார்ந்திருக்கிறது

அதே 200 கிராம் துண்டைச் சுடாமல் தோலை உரித்து, தோலுக்கு அடியிலும் சதைக்கு இடையிலும் இருக்கும் மஞ்சள் கொழுப்பையும் கத்தியால் சீவி ஒதுக்கினால், அட்டவணைக் கணக்கின்படி சதை 138 கிராம், ஒதுக்கியது 62 கிராம் அளவில் வரும். அந்தச் சதையில் மொத்தக் கொழுப்பு 6 கிராம்கூட இல்லை. மீதி 27 கிராம் ஒதுக்கிய குவியலில் இருக்கிறது. அதாவது தொடையின் கொழுப்பில் ஐந்தில் நான்கு பங்கு தோலிலும் அதை ஒட்டியும் இருக்கிறது. வடிகிற 12 கிராமும் பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகிறது.

கோழிக் கொழுப்பு இளகுவதற்குப் பெரிய சூடு வேண்டியதில்லை. விரல் நடுவில் வைத்துத் தேய்த்தாலே வழவழவென்று ஆகும். அப்படியிருந்தும் 200 டிகிரி அவனிலிருந்து வந்த துண்டில் பாதிக்கு மேல் ஏன் தங்குகிறது? ஏனென்றால் அது தோலுக்கு அடியில் எண்ணெயாக ஊற்றி வைக்கப்படவில்லை. சின்னச் சின்ன அறைகளில், தேன்கூட்டில் தேன் இருப்பதுபோல, அடைபட்டிருக்கிறது. அறைகளின் சுவர், அவற்றைச் சுற்றியிருக்கும் வலைப்பின்னல் எல்லாம் கொலாஜன் என்ற புரதம். கொழுப்பு உள்ளே உருகிக் காத்திருக்கும். சுவர் உடைந்தால்தான் வெளியே வரும்.

அந்தச் சுவர் 60, 65 டிகிரி அளவில் சுருங்கத் தொடங்கும். சுருங்கும்போது கொஞ்சம் கொழுப்பைப் பிழிந்து வெளியே தள்ளும். சுட ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் சடசடவென்று சொட்டுவது இதுதான். அதற்கு மேலே சூடு போய், நேரமும் கிடைத்தால் கொலாஜன் மெல்ல ஜெலட்டினாகக் கரையும், அறைகள் திறக்கும், மீதிக் கொழுப்பு வடியும். இதற்கு நிமிடங்கள் வேண்டும், அவசரப்படுத்த முடியாது.

இங்கேதான் பார்பிகியூ மேடையில் காரியம் கெடுகிறது. கரி கனகனவென்று இருக்கும்போதே துண்டைப் போடுகிறோம். தோலின் வெளிப்பக்கம் சில நிமிடத்தில் கறுக்கிறது. சொட்டிய கொழுப்பில் தீ எழும்பி இன்னும் கறுக்கிறது. கருகிவிடுமே என்று பயந்து திருப்பிப் போடுகிறோம். தோலுக்கு அடியிலிருக்கும் அடுக்குக்கு வேண்டிய நேரம் கிடைக்கவே இல்லை. மேலே கரி, நடுவே கொழகொழவென்று கொழுப்பு, கீழே வெந்த கறி. தீ எழும்பியதைப் பார்த்தவர்களுக்கு எல்லாம் எரிந்து போய்விட்டது என்ற எண்ணம் வரும். உண்மையில் பெரிய தீயில் சுட்டதில்தான் அதிகம் தங்கியிருக்கும். போதாக்குறைக்கு, கொழுப்பு தீயில் விழுந்து எழும்பும் புகையில் உடம்புக்கு ஆகாத சில சேர்மங்களும் உண்டாகிக் கறிமேல் படிகின்றன.

எவ்வளவு வடிந்தது என்பதைத் தராசு இல்லாமல் தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. சுட்ட துண்டை ஐந்து நிமிடம் ஆறவிட்டு, தோல் மேலே இருக்கும்படி வைத்துக் குறுக்காக வெட்டுங்கள். வெட்டு முகத்தைப் பக்கவாட்டில் பாருங்கள். மேலே பழுப்பான கோடு. அதற்குக் கீழே நேராகக் கறி வந்துவிட்டால் நன்றாக வடிந்திருக்கிறது. பழுப்புக்கும் கறிக்கும் நடுவே வெள்ளையாகவோ கண்ணாடிபோலவோ ஒரு பட்டை தெரிந்தால், அது வடியாத கொழுப்பு. கத்தியின் தட்டைப் பக்கத்தால் தோலை அழுத்தினால் அந்தப் பட்டையிலிருந்து பளபளவென்று எண்ணெய் ஊறி வரும். பெரும்பாலும் ஒரே துண்டில் இரண்டும் இருக்கும். ஓரங்களில் தோல் ஒட்டிக் காய்ந்திருக்கும், நடுவில் மேடாக இருக்கிற இடத்தில் பட்டை அப்படியே நிற்கும்.

சத்தமும் காட்டிக்கொடுக்கும். தவாவில் தோல் கீழே இருக்கும்படி போட்டால் முதலில் படபடவென்று தெறிக்கும். அது தண்ணீர் எண்ணெயில் விழும் சத்தம். அந்தத் தெறிப்பு அடங்கி, மெல்லிய ஒரே சீரான சீறல் வரும்போதுதான் தோலில் ஈரம் குறைந்து அது மொறுமொறுப்பாக ஆரம்பிக்கிறது.

வடிய வைப்பது எப்படி

ஈரம்தான் முதல் எதிரி. தோல் ஈரமாக இருக்கிறவரை அதன் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. அடுப்பின் சூடெல்லாம் அந்த ஈரத்தை ஆவியாக்கவே செலவாகும். அதனால் முதல் நாள் இரவே கிலோவுக்குப் பத்துப் பன்னிரண்டு கிராம் உப்பு தடவி, கம்பித் தட்டில் தோல் மேலே பார்த்தபடி குளிர்பதனப் பெட்டியில் கீழ்த்தட்டில் மூடாமல் வைத்துவிடலாம். காலையில் தொட்டுப் பார்த்தால் தோல் காகிதம்போல் வறண்டிருக்கும். சிங்கப்பூர்ப் புழுக்கத்தில் மேசைமேல் வைத்துக் காயவிடலாம் என்று நினைக்காதீர்கள். காயவும் காயாது, கறியும் கெட்டுப்போகும்.

அப்புறம், தவாவில் செய்வதென்றால் சூடேற்றாத தவாவில் தோலைக் கீழே வைத்து, எண்ணெய் ஊற்றாமல், மிதமான தீயில் ஆரம்பிக்க வேண்டும். முதல் சில நிமிடம் மேலே ஒரு கனமான சட்டியை வைத்து அழுத்தினால் தோல் முழுவதும் தவாவில் படியும், நடுவில் மேடு வராது. எலும்பில்லாத துண்டு பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடம் தோல் பக்கத்திலேயே கிடக்கலாம். தொடைக்கறி அதைத் தாங்கும். நெஞ்சுக்கறி என்றால் அதற்குள் நார் நாராகிவிடும். பாதுகாப்புக்கு உட்சூடு 74 டிகிரி வந்தால் போதும், ஆனால் தொடை 80, 85 வரை போனால்தான் ருசி. அங்கே இருக்கும் சவ்வு கரைவதற்கே அந்தச் சூடு வேண்டும். தோல் வடிவதற்கு வேண்டிய நேரமும், தொடை மிருதுவாவதற்கு வேண்டிய நேரமும் ஏறக்குறைய ஒன்றாக அமைந்தது நம் அதிர்ஷ்டம்.

கரி அடுப்பு என்றால் கரியை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு, கரி இல்லாத பக்கத்தில் துண்டுகளை வைத்து நிதானமாக வடியவிட வேண்டும். கடைசி இரண்டு மூன்று நிமிடம் மட்டும் கரிக்கு நேர் மேலே. இனிப்புச் சோயா, தேன், சீனி போட்ட மசாலா எதுவானாலும் அந்தக் கடைசி நிமிடங்களில்தான் தடவ வேண்டும். முன்னாலேயே தடவினால் சீனி கருகிவிடும், கருகிவிட்டதே என்று எடுத்துவிடுவோம், கொழுப்பு உள்ளேயே இருக்கும். தயிர் மசாலாவும் அப்படித்தான். தோலின் மேல் ஈரப் போர்வை போட்டது மாதிரி. தந்தூரிக்குத் தோலை உரித்துவிடும் வழக்கம் யோசித்துச் செய்ததுதான். மசாலா சதையில் பிடிக்கும், வடிய வேண்டிய தோலும் இல்லை.

இவ்வளவு பாடுபட்டாலும், வடிந்த கொழுப்பு எங்கே போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். கம்பி வலையிலும் ஏர்பிரையர் கூடையிலும் அது கீழே போய்விடும், கறிக்குத் திரும்பாது. தவாவில் அது அங்கேயேதான் கிடக்கும். அந்த எண்ணெயை ஒரு கிண்ணத்தில் வடித்துவிட்டால் கணக்கு சரி. அதிலேயே வெங்காயத்தை வதக்கி, சாஸ் செய்து துண்டின் மேல் ஊற்றினால் 12 கிராமும் தட்டுக்கு வந்துவிட்டது. அவனில் வைக்கும் தட்டில் கோழிக்குக் கீழே உருளைக்கிழங்கு பரப்பி வைப்பவர்கள் வீட்டிலும் இதே கதைதான். கிழங்கு அவ்வளவு ருசியாக இருப்பதற்கு அதுதான் காரணம். ஆயாம் பாக்காரில் கோழியை முதலில் மசாலாவில் வேகவைத்து, பிறகு சுடுகிறார்கள். அங்கே கொழுப்பில் ஒரு பகுதி குழம்பில் வடிந்துவிடுகிறது. அந்தக் குழம்பையே சுண்டவைத்துத் திரும்பத் திரும்பத் தடவும்போது ஒரு பங்கு மீண்டும் வந்து ஒட்டிக்கொள்கிறது.

தோலில்லாதது என்றால் கொழுப்பில்லாதது அல்ல

இப்போது அந்த இரண்டாவது புதிருக்கு வருவோம். தோலில்லாத பச்சைக்கறியில் 4.1, சுட்டதில் 8.2. தண்ணீர் போனதைக் கழித்தாலும் இது முழுதாகச் சரியாகாது. புரதக் கணக்கின்படி 138 கிராம் பச்சைச் சதை 109 கிராம் சுட்ட கறியாகும். அதில் கொழுப்பு 9 கிராம். பச்சையில் 6 கிராம்கூட இல்லையே?

இரண்டு வரிகளும் ஒரே துண்டைப் பற்றியவை அல்ல என்பது முதல் விஷயம். அதைவிட முக்கியம், பச்சைக்கறியில் தசைகளுக்கு நடுவே இருக்கும் கொழுப்புக் கட்டியைக் கத்தியால் சுத்தமாக எடுத்துவிடலாம். சுட்ட கறியில் அது உருகிச் சதையோடு சேர்ந்துவிடும், பிரித்தெடுக்க முடியாது. தோலிலிருக்கும் கொழுப்பு சதைக்குள் ஊறிவிட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. சதை பெரும்பாலும் தண்ணீர், உருகிய கொழுப்பு அதற்குள் ஆழமாகப் போகாது. தோலோடு சுட்டுவிட்டுத் தட்டில் உரித்துப் போட்டாலும், முதலிலேயே உரித்துச் சுட்டாலும் சதையில் பெரிய வித்தியாசம் வராது. உரிக்காமல் சுடுவதால் சதை வறளாமல் இருப்பது கூடுதல் லாபம்.

ஆகவே அதே 200 கிராம் துண்டை மூன்று விதமாகச் சாப்பிடலாம். தோலோடு சுட்டுத் தோலோடு சாப்பிட்டால் 21 கிராம் கொழுப்பு, 330 கலோரி அளவில். தோலோடு சுட்டு, தோலைத் தட்டில் ஒதுக்கினால் 9 கிராம், 195 கலோரி. பச்சையிலேயே தோலையும் கொழுப்புக் கட்டிகளையும் எடுத்துவிட்டால் 6 கிராமுக்குள். முதல் இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி பெரிது, பின் இரண்டுக்கும் நடுவில் இருப்பது சின்னது. கோழிக் கொழுப்பில் சுமார் 30 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு என்பதால், தோலோடு சாப்பிட்ட துண்டில் மட்டும் அது 6 கிராமைத் தொடும். டாக்டர் சொன்னதை அத்தை நினைவுபடுத்துவதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் தோல் உரித்தது என்ற பெயரை மட்டும் நம்ப முடியாது. தேக்காவில் கறிக்கடையில் "தோல எடுத்துரவா அக்கா?" என்று கேட்டு, ஒரே இழுப்பில் உரித்துக் கொடுத்துவிடுவார்கள். தோலோடு கொழுப்பு முழுவதும் போய்விடாது. வீட்டுக்கு வந்து துண்டைப் புரட்டிப் பாருங்கள். எலும்பு இருந்த பள்ளத்துக்கு அருகிலும் ஓரத்திலும் மஞ்சளாக, விரல்நுனி அளவில் கட்டிகள் இருக்கும். அட்டவணையின் 4.1 கிராம் அவற்றையும் எடுத்த பிறகுள்ள எண். உறைய வைத்து விற்கும் எலும்பில்லாத தொடைகளிலும் இந்தக் கட்டிகள் அப்படியே இருக்கும். அரைகுறையாக உறைந்திருக்கும்போது வெட்டினால் சுலபமாகச் சீவி எடுக்கலாம், முழுக்க இளகிவிட்டால் வழுக்கும்.

அதற்கப்புறம் எண்ணெய். தோலில்லாத துண்டு வலையில் ஒட்டும், காயும். அதனால் மசாலாவில் இரண்டு கரண்டி எண்ணெய், சுடும்போது மேலே தடவ இன்னும் கொஞ்சம். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் என்பது கிட்டத்தட்ட 14 கிராம் கொழுப்பு. ஒரு துண்டில் அவ்வளவும் ஒட்டிக்கொண்டால் தோலை உரித்து மிச்சப்படுத்தியது முழுவதும் திரும்பி வந்துவிட்டது. நல்ல எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு குறைவு, அது உண்மை. ஆனால் கலோரிக்கு அந்த வித்தியாசம் தெரியாது. எண்ணெயைத் துண்டில் ஊற்றாமல் வலையில் துணியால் துடைத்துவிட்டால் ஒரு துண்டுக்கு ஒரு தேக்கரண்டிகூட ஆகாது. சாத்தேயில் தேங்காய்ப்பால் தடவுபவர்களும் இதைக் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும்.

செயலியில் பதிவு செய்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். காலையில் பச்சையாக நிறுத்த 200 கிராமை எடுத்து, "தோலோடு சுட்டது" என்ற வரியில் போட்டால் 464 கலோரி என்று வரும். உண்மையில் தட்டில் இருப்பது 142 கிராம், 330 கலோரி. பச்சையாக நிறுத்தால் பச்சைக்கறி வரியில் போடுங்கள், அப்போது வடிந்த கொழுப்பும் சேர்ந்துவிடும் என்பதைத் தெரிந்துகொண்டு. சுட்ட பிறகு நிறுத்தால் சுட்ட கறி வரி. இரண்டாவதுதான் உண்மைக்குப் பக்கத்தில். எலும்போடு இருந்தால் சாப்பிட்ட பிறகு எலும்பை நிறுத்துக் கழித்துவிடுங்கள், அட்டவணை தின்னக்கூடிய பகுதிக்கு மட்டும்தான்.

உங்கள் வீட்டு அடுப்பில் எவ்வளவு என்று பார்க்க

ஒரு துண்டில் அளந்தால் தவறு பெரிதாகத் தெரியும். ஒரு கிலோ தொடையாகச் சுட்டுப் பாருங்கள். அலுமினியத் தாள் விரித்த தட்டை முதலில் காலியாக நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். அதன்மேல் கம்பி வலை, வலைமேல் எண்ணெய் தடவாத துண்டுகள், தோல் மேலே. 200 டிகிரியில் எலும்பில்லாதது அரைமணி நேரம், எலும்போடு என்றால் நாற்பது நிமிடம். துண்டுகளை எடுத்த பிறகு தட்டைச் சாய்த்து, வடிந்த எல்லாவற்றையும் ஒரு சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி, ஆறியதும் குளிர்பதனப் பெட்டியில் இரவு முழுக்க வைத்துவிடுங்கள்.

மறுநாள் கிண்ணத்தில் இரண்டு அடுக்கு தெளிவாகத் தெரியும். மேலே வெளிர்மஞ்சளாக, வெண்ணெயைவிட மென்மையாகக் கொழுப்பு. கீழே பழுப்பு நிறத்தில் ஜெல்லிபோல ஆடுகிற சாறு, கரைந்த கொலாஜன் அதுதான். மேலடுக்கை மட்டும் கரண்டியால் வழித்து நிறுங்கள். தட்டில் ஒட்டிக்கொண்டிருப்பதையும் விட்டுவிடக் கூடாது: தாளோடு தட்டை மறுபடி நிறுத்தால் கூடுதலாக இருக்கும் சில கிராமில் பெரும்பங்கு கொழுப்புதான். எலும்பில்லாத ஒரு கிலோவுக்கு மேலே போட்ட கணக்கு சொல்வது 60 கிராம் அளவு, நாலரை மேசைக்கரண்டி. 40 தான் வந்தது என்றால் தோல் வடிய நேரம் போதவில்லை, அல்லது அவனின் சுவரெல்லாம் தெறித்திருக்கிறது. வெட்டிப் பார்த்து வெள்ளைப் பட்டை இருக்கிறதா என்று பாருங்கள், எது காரணம் என்று தெரிந்துவிடும். 60-ஐத் தாண்டினால் தோலை நன்றாகக் காயவைத்திருக்கிறீர்கள், அல்லது கடைக்காரர் கொழுப்பு அதிகமான கோழியைக் கொடுத்திருக்கிறார்.

வழித்தெடுத்த கொழுப்பைச் சீனர் வீடுகளில் வீணாக்க மாட்டார்கள், கோழிச்சோற்றுக்கு அரிசியை வறுப்பது அதில்தான். கருகல் வாடை இல்லாமல் தெளிவாக இருந்தால் நம் வீட்டு நெய்ச்சோற்றிலும் ஒரு கரண்டி போடலாம், கணக்கில் எழுதிக்கொண்டு. வேண்டாம் என்றால் தாளில் வழித்துக் குப்பையில் போடுங்கள். பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றினால் குழாயின் வளைவில் உறைந்து அடைத்துக்கொள்ளும், குழாய்க்காரருக்குத்தான் வெள்ளி கொடுக்க வேண்டியிருக்கும்.